கேபிளா, கரண்டா, டிஸ்க்கா? பிஎஸ்4 வெளி ஹார்ட் டிஸ்க்கின் சாவு அடையாளங்களும் எஸ்எஸ்டிக்கு மாறும் வழியும்

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அக்காவின் மகன் போன கார்த்திகையில் பிஎஸ்4 ஸ்லிம் ஒன்றையும் அதனுடன் பாவிக்கும் 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு கல்லடிக்கு வந்து இறங்கினான். "மாமா, கேம் நிண்டு நிண்டு போகுது. டிஸ்க் செத்துட்டு போல" என்றான். பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறான். அவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "புதுசு வாங்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியில் கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் முடிந்தது. ஆனால் அவர் சொன்ன விதம் சரியில்லை. கேம் நின்று நின்று போவதற்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்: கேபிள் தளர்ந்திருக்கலாம், கரண்ட் போன நேரத்தில் எழுத்து பாதியில் நின்றிருக்கலாம், அல்லது டிஸ்க் உண்மையாகவே தேய்ந்திருக்கலாம். முதலாவதற்குச் சில நூறு ரூபாய் போதும். இரண்டாவதற்குக் காசே வேண்டாம். மூன்றாவதற்கு மட்டும்தான் புதுச் சாமான் வாங்க வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கும் வழியை அந்த டிஸ்க்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் காதைக் கொடுங்கள்

டிஸ்க்கை மேசையில் வைத்து, கொன்சோலில் குத்தி, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நல்ல டிஸ்க் மெல்லிய "ஸ்ஸ்" சத்தத்துடன் சுழன்று, நடுவில் சின்னச் சின்ன கரகரப்பு கேட்கும். அது தட்டைப் படிக்கும் ஊசி இடம் மாறும் சத்தம், பயப்படத் தேவையில்லை. மணிக்கூடு மாதிரி ஒரே தாளத்தில் "டிக்… டிக்… டிக்" என்று கேட்டு, பிறகு சுழற்சி நின்று, மறுபடி தொடங்கினால் கதை வேறு. ஊசி தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பித் திரும்பி முயல்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கீழே சொல்லும் எந்தச் சோதனையும் வேண்டாம். கழற்றிவிடுங்கள். பிஎஸ்4க்கு ஃபோர்மட் செய்த டிஸ்க்கில் கேம் மட்டும்தான் இருக்கும். உங்கள் சேவ் எல்லாம் கொன்சோலின் உள் டிஸ்க்கிலேயே இருக்கிறது. அதனால் டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோய்ப் பெருங்காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

"பீப்… பீப்" என்ற மெல்லிய சத்தம் மட்டும் வந்தால், மோட்டர் சுழலப் பார்த்து முடியாமல் நிற்கிறது. ஊசி தட்டில் ஒட்டியிருந்தாலும் இது வரும், கரண்ட் போதாவிட்டாலும் வரும். கரண்ட் குறைவு என்றால் வேறு போர்ட்டில், வேறு கேபிளில் போட்டவுடன் சத்தம் போய்விடும். அதனால் பீப்புக்கு ஒரேயொரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

மருமகனின் டிஸ்க்கில் இந்தச் சத்தம் இரண்டும் இல்லை. அமைதியாகச் சுழன்றது. அமைதியான டிஸ்க் நல்ல டிஸ்க் என்று அவன் நினைத்திருந்தான். பெரும்பாலான டிஸ்க்குகள் சத்தம் போடாமலேதான் தேய்கின்றன.

ஒரே கேமை இரண்டு இடத்தில் ஓட்டிப் பாருங்கள்

அடுத்த சோதனைக்குக் கணினி தேவையில்லை. பிரச்சினை தரும் கேம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அது லோட் ஆக எத்தனை செக்கன் எடுக்கிறது என்று கைபேசியில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு `Settings > Storage > Extended Storage > Applications` போய், OPTIONS பட்டனை அழுத்தி, `Move to System Storage` கொடுத்து அந்தக் கேமை உள் டிஸ்க்குக்கு நகர்த்துங்கள். மறுபடி அளவுங்கள்.

உள்ளேயும் அதே இடத்தில் நின்றால் கேமின் கோப்பு கெட்டிருக்கிறது, அல்லது கொன்சோலில் வேறு பிரச்சினை. வெளி டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள். உள்ளே ஒழுங்காக ஓடினால் சந்தேகம் டிஸ்க், கேபிள், போர்ட் இந்த மூன்றுக்குள் வந்துவிடும். மருமகனின் கிரிக்கெட் கேம் வெளியில் இருந்தபோது லோட் ஆக 2 நிமிடம் 40 செக்கன் எடுத்தது. உள்ளே போனதும் 1 நிமிடம் 5 செக்கன். பிஎஸ்4இன் உள் டிஸ்க்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்தான், வெளியில் இருப்பதைவிட வேகமானது அல்ல. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுத்திருக்க வேண்டும்.

நகர்த்தும்போது நடந்ததையும் கவனித்தேன். 40 ஜிபி அளவிலான ஒரு கேம் கால்மணித்தியாலத்தில் போய்விட்டது. ஏறக்குறைய அதே அளவான இன்னொன்று 63 வீதத்தில் வந்து இருபது நிமிடம் அசையாமல் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் தட்டின் அந்தப் பகுதியில் ஏதோ இருக்கிறது. கேபிள் கோளாறு இப்படி ஒழுங்காக வராது. ஒருமுறை 10 வீதத்தில் அறுக்கும், ஒருமுறை 80இல் அறுக்கும், அதுவும் வயரில் கை பட்டால் அறுக்கும்.

இங்கே நம் ஊர்க்காரருக்கு ஒரு குறிப்பு. கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரத்தில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று கனெக்டரை மெதுவாகத் தின்னும். டிஸ்க் பக்கத்து அகலமான முனையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசிகளில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சிலர் அந்த அகலமான துளையின் பாதியில் பழைய ஃபோன் சார்ஜர் வயரைக் குத்துவார்கள். குத்தும், கணினியில் வேலையும் செய்யும். ஆனால் அது யூஎஸ்பி 2.0 தொடர்பு. பிஎஸ்4 வெளி டிஸ்க்குக்கு யூஎஸ்பி 3.0 கேட்கும், அதனால் ஏற்காது. நடுவில் ஹப் வைத்தாலும் ஏற்காது.

மூன்று எண்கள்

இனித்தான் விசயம். ஹார்ட் டிஸ்க் தன் நோயைத் தானே எழுதி வைக்கும், அதை ஸ்மார்ட் பதிவு என்பார்கள். பிஎஸ்4 அதைக் காட்டாது. விண்டோஸ் கணினி ஒன்றும் CrystalDiskInfo என்ற இலவசச் செயலியும் போதும்.

கழற்றும் முன் `Settings > Devices > USB Storage Devices` போய், டிஸ்க்கைத் தெரிந்து, `Stop Using This Extended Storage` கொடுங்கள். கொன்சோல் ரெஸ்ட் மோடில் இருக்கும்போது பிடுங்காதீர்கள், அப்போதும் டிஸ்க் வேலையில் இருக்கும்.

கணினியில் குத்தியதும் விண்டோஸ் இந்த டிஸ்க்கைப் புரிந்துகொள்ளாமல் "ஃபோர்மட் செய்யவா" என்றோ "இனிஷியலைஸ் செய்யவா" என்றோ கேட்கலாம். இரண்டுக்கும் `Cancel`தான். அவசரத்தில் சரி என்று அழுத்திக் கேம் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. ஸ்மார்ட் பதிவைப் படிக்க ஃபோர்மட் எதுவும் தேவையில்லை.

செயலியில் நிறைய வரிகள் வரும். நமக்கு வேண்டியவை இடப்பக்கம் 05, C5, C7 என்று இருக்கும் மூன்று மட்டும். பார்க்க வேண்டியது `Raw Values` என்ற கடைசி நிரலை. அது வழக்கமாகப் பதினாறடி எண்ணில் வரும், அதனால் `Function > Advanced Feature > Raw Values > 10 [DEC]` கொடுத்துச் சாதாரண எண்ணாக்குங்கள். மருமகனின் டிஸ்க்கில் C5க்கு முன்னால் 18 என்று இருந்தது. மாற்றிப் பார்த்தால் 24.

C7 என்பது வயர் வழியே தகவல் கெட்டுப்போன தடவைகளின் கணக்கு. வெளி டிஸ்க் சிலவற்றில் யூஎஸ்பி வயரின் தவறு இதில் ஏறாமலும் போகலாம், ஆகையால் பூச்சியம் என்று நிம்மதி அடைய வேண்டாம். ஏறிக்கொண்டே போனால் மட்டும் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

C5 என்பது டிஸ்க் படிக்கப் பார்த்து முடியாமல், "பிறகு பார்ப்போம்" என்று குறித்து வைத்த துண்டுகள். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தத் துண்டு பாதி எழுதியபடி நிற்கும். தட்டில் ஒரு குறையும் இருக்காது, எழுத்துத்தான் அரைகுறை. அல்லது தட்டே பழுதாகி எதை எழுதினாலும் நிற்காமல் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் இடி முழங்கி லைட் போவதும் வருவதுமாக இருக்கும் நம் பக்கத்தில், முதலாவது காரணம் குறைவாக நடப்பதல்ல.

05 என்பது பழுது என்று முடிவாகி, வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட துண்டுகள். எண்ணிக்கை பெரும்பாலும் எட்டு எட்டாக ஏறும். இப்போதைய டிஸ்க்குகள் பலவற்றில் உண்மையான துண்டு ஒன்று 4096 பைட், கணக்கு வைப்பதோ 512 பைட் துண்டுகளில். அதனால் 24 என்பது பெரும்பாலும் தட்டில் மூன்று இடம்தான்.

மருமகனின் கணக்கு இப்படி: 05 பூச்சியம், C5 24, C7 பூச்சியம். செயலி மஞ்சளில் `Caution` என்றது. பலர் இந்த மஞ்சளைக் கண்டவுடன் டிஸ்க்கைத் தூக்கி எறிகிறார்கள். 05 பூச்சியமாக இருக்கும்வரை நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தீர்ப்புக்கு முன் கேம்களை வெளியே எடுங்கள்

அடுத்த சோதனை டிஸ்க்கை முழுவதும் அழிக்கும். அதற்கு முன் எடுக்கக்கூடியதை எடுத்துவிட வேண்டும். 60, 70 ஜிபி கேமை மறுபடி இறக்க மாதாந்த டேட்டா பக்கேஜில் பாதி போய்விடும், வீட்டில் பைபர் இல்லாதவர்களுக்கு அந்த வலி தெரியும்.

பிஎஸ்4 ஒரே நேரத்தில் ஒரு வெளி டிஸ்க்கைத்தான் பாவிக்கும். பழையதையும் புதியதையும் இரண்டு போர்ட்டில் குத்தி நேரே மாற்ற முடியாது. உள் டிஸ்க் வழியாகத்தான் போக வேண்டும்: பழையதில் இருந்து உள்ளே, பிறகு உள்ளே இருந்து புதியதற்கு. 500 ஜிபி கொன்சோலில் உண்மையில் கிடைக்கும் இடம் சுமார் 400 ஜிபிதான், ஆகவே விளையாடாததை முதலில் உள்ளே இருந்து அழித்து இடம் பண்ணுங்கள்.

ஒரு கேமாக நகர்த்துங்கள், எல்லாவற்றையும் சேர்த்துத் தெரிய வேண்டாம். மறுபடி இறக்க ஆகப் பெரியதும் இப்போது விளையாடுவதும் முதலில். ஒன்று அரைமணித்தியாலத்துக்கு அசையாவிட்டால் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த ஒன்றோடு மல்லுக்கட்டி மற்ற எட்டையும் இழக்கக் கூடாது. மருமகனிடம் இருந்த ஒன்பது கேமில் எட்டு வந்தது, ஒன்று வரவில்லை.

இதே இருப்பில் சேவ்களையும் ஒரு பென் டிரைவுக்கு எடுத்து வையுங்கள்: `Settings > Application Saved Data Management > Saved Data in System Storage > Copy to USB Storage Device`. சேவ் வெளி டிஸ்க்கில் இல்லைத்தான். ஆனாலும் கரண்ட் அறுக்கும் வீட்டில் உள் டிஸ்க்கும் அதே அடியைத்தான் வாங்குகிறது.

எழுதிப் பார்த்தால் தெரியும்

C5இல் இருக்கும் துண்டுகள் எழுத்து அரைகுறையானவையா, தட்டுப் பழுதா என்று அறிய ஒரே வழி அவற்றின் மேல் புதிதாக எழுதுவது. எழுத்து நின்றால் C5 குறையும், 05 அசையாது. நிற்காவிட்டால் அந்தத் துண்டு 05க்குப் போகும். டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுத விண்டோஸில் உள்ள `diskpart` போதும். அட்மினாகத் திறந்து:

```
diskpart
list disk
select disk 2
clean all
```

அந்த 2 என்ற எண் உங்கள் கணினியில் வேறாக இருக்கும். `list disk` காட்டும் அளவைப் பார்த்து, 931 ஜிபி என்று வருவது (1 டிபி டிஸ்க் அப்படித்தான் காட்டும்) எது என்று உறுதி செய்யுங்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தால் வேறு டிஸ்க் அழிந்துவிடும், கேள்வி கேட்காமல் அழியும். சந்தேகம் இருந்தால் மற்ற யூஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளி டிஸ்க்கைக் கழற்றியும் குத்தியும் இரண்டு தடவை `list disk` பாருங்கள். புதிதாகத் தோன்றுவதுதான் உங்களுடையது.

நல்ல 1 டிபி டிஸ்க் என்றால் மூன்று மணித்தியாலம் அளவில் முடியும். மருமகனின் டிஸ்க் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்றரைக்குத்தான் முடித்தது. காலையில் பார்த்தால் C5 பூச்சியம். அவன் துள்ளினான். "பொறு மனே, மேல் வரியைப் பார்" என்றேன். 05 பூச்சியத்தில் இருந்து 40க்கு ஏறியிருந்தது. முதலில் குறித்த 24உம் போய், எழுதும்போது அகப்பட்ட இன்னும் 16உம் சேர்ந்திருக்கிறது. அடுத்த நாள் பின்னேரம் டிஸ்க்கை விண்டோஸில் இனிஷியலைஸ் செய்து, ஃபோர்மட் போட்டு, H2testw என்ற சோதனைச் செயலி கொண்டு டிஸ்க் நிறைய எழுதி, மறுபடி படிக்க விட்டேன். C5 மறுபடி 16.

அதோடு முடிந்தது. 05 ஒருமுறை ஏறி அங்கேயே நின்றிருந்தால் இன்னும் கொஞ்சக்காலம் பாவிக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எழுதிய அடுத்த நாளே புதிய C5 முளைத்தால் பழுது பரவுகிறது. C5 பூச்சியமாகி 05உம் பூச்சியமாகவே நின்றிருந்தால் குற்றவாளி கரண்ட், டிஸ்க்கை மறுபடி கொன்சோலில் ஃபோர்மட் செய்து பாவிக்கலாம். கொன்சோலின் சேஃப் மோடில் உள்ள `Rebuild Database` இதற்கு மருந்தாகாது, அது பட்டியலை ஒழுங்குபடுத்தும், தட்டைத் திருத்தாது.

எஸ்எஸ்டி என்றால் எது

மறுபடி ஹார்ட் டிஸ்க்கே வாங்கலாமே என்று அக்கா கேட்டார். விலைக்கு இடம் கூடத்தான். ஆனால் சுழலும் தட்டும் மேலே மிதக்கும் ஊசியும் உள்ள சாமான், டிவிக்கு அடியில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில், வயர் இழுபட்டு விழுவதற்குத் தோதான இடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. இதுதான் என் முதல் காரணம், வேகம் இரண்டாவது.

வேகத்தைப் பற்றிக் கடையில் சொல்வதில் பாதியைக் கழியுங்கள். லோடிங்கில் ஒரு பகுதி டிஸ்க் படிப்பது, மிச்சம் கொன்சோலின் ப்ரொசஸர் அதைப் பிரித்தெடுப்பது. எஸ்எஸ்டி முதலாவதைத்தான் குறைக்கும். அதே கிரிக்கெட் கேம் உள் டிஸ்க்கில் 65 செக்கன் எடுத்தது, எஸ்எஸ்டியில் 38. இதற்கு மேல் வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் பிஎஸ்4இல் பெரிதாகக் குறையாது. ஆகவே வெளிக் கவருக்குள் போட என்விஎம்ஈ வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அது சூடும் கூட, சிலது போர்ட் தரும் கரண்டையும் மிஞ்சிக் கேட்கும். நான் சொல்வது சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் யூஎஸ்பி 3.0 கவரும். கவர் கெட்டால் கவரை மட்டும் மாற்றலாம், அதனால் ஒட்டி மூடிய போர்ட்டபிள் எஸ்எஸ்டியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அளவில் ஒரு பொறி உண்டு. பிஎஸ்4 கேட்கும் குறைந்த அளவு 250 ஜிபி, கூடிய அளவு 8 டிபி. கடையில் மலிவாகக் கிடைக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி அந்தக் கோட்டுக்குக் கீழே. 480 அல்லது 500இல் தொடங்குங்கள்.

"எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேயுமாமே" என்ற பயம் கேம் வைப்பவருக்குத் தேவையில்லை. நல்ல 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 180 டிபி எழுதும் ஆயுள் என்று உற்பத்தியாளர் சொன்னால், கிழமைக்கு ஒரு 50 ஜிபி கேம் போட்டாலும் வருடத்துக்கு 2.6 டிபிதான். தேய்ந்து முடிய அறுபது வருடத்துக்கு மேல். எஸ்எஸ்டி கெடுவது வேறு மாதிரி. டிக் சத்தமோ மெதுவாவதோ இல்லாமல் ஒருநாள் கொன்சோல் அதைக் கண்டுபிடிக்காமலே போகலாம். எழுதும்போது கரண்ட் போனால் இதற்கும் ஆபத்துத்தான். கேம் இறங்கிக்கொண்டிருக்கும்போது இடி கேட்டால், நிறுத்திவிட்டுக் கொன்சோலை முழுவதும் அணையுங்கள். ரெஸ்ட் மோட் போதாது. சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால் அந்த ஓட்டமும் மிச்சம்.

போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு "2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" என்று வருபவற்றில் பலவற்றுக்குள் இருப்பது மெமரி கார்ட்தான். கணினியில் 2 டிபி என்றே காட்டும், உண்மை அளவைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் மறைந்துபோகும். வாங்கியதைக் கொன்சோலில் போடும் முன் கணினியில் ஃபோர்மட் செய்து, H2testwஇல் `Write + Verify` கொடுத்து முழு அளவையும் சோதியுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வாங்கிய கிழமைக்குள்ளேயே செய்யுங்கள்.

சோதனை சரி என்றால் கொன்சோலில் குத்தி, `USB Storage Devices` உள்ளே `Format as Extended Storage` கொடுங்கள். அப்புறம் உள்ளே தங்க வைத்த கேம்களை `Move to Extended Storage` வழியாக அனுப்புங்கள். பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு: யூஎஸ்பியில் குத்தும் எஸ்எஸ்டியில் இருந்து பிஎஸ்4 கேம்தான் ஓடும். பிஎஸ்5 கேமை அங்கே வைத்துச் சேமிக்கலாம், விளையாட முடியாது. அதற்கு உள்ளே போடும் எம்.2 வேண்டும், அது வேறு கணக்கு.

பழைய டிஸ்க்கைக் கூட்டாளி ஒருவன் ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கிறான், கொடுக்கவா என்று மருமகன் கேட்டான். அதன் முதுகில் மார்க்கரால் "05 = 40, C5 = 16" என்று எழுதிக் கையில் கொடுத்தேன். எழுத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டாளி, காந்தம் மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தானாம்.